கன்னியக்கோயில் தாண்டிட்டேன்: முதல் வருஷப் படத்துக்கான வார்த்தைகள்

தம்பி,

உங்க முதல் கல்யாண நாளுக்கு நீயும் உன் பொண்டாட்டியும் கேட்ட வாசகம் எல்லாத்தையும் கீழ எழுதியிருக்கேன். படம் பாண்டிக் கடற்கரைச் சாலையில எடுத்ததுதான். ஸ்டுடியோ படத்துல ரெண்டு பேரும் கேமராவைத்தான் பாக்குறீங்க. இதுல அவ கைப்பையிலேருந்து டிபன் பாக்ஸ் மூடி எட்டிப் பாக்குது, உன் கையில ரெண்டு ஹெல்மெட் தொங்குது, காத்துல முந்தானை உன் மூஞ்சில விழுது. உங்க வருஷம் இப்படித்தானே இருந்துச்சு.

"இரு உடல் ஓர் உயிர்", "நீயின்றி நானில்லை" எதையும் சேக்கல. வேற ஒரு ஜோடி படத்துக்குக் கீழ போட்டாலும் பொருந்துற வரி ஒண்ணு கூட இதுல இருக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து எழுதினது. படிச்சுட்டு அவகிட்டயும் காட்டு.

கூடத்துல மாட்டப் போற படத்துக்கு

> "கன்னியக்கோயில் தாண்டிட்டேன்."
> "டீ வெச்சுட்டேன்."
>
> 08.09.2024 – 08.09.2025
> மஞ்சக்குப்பம், கடலூர்

இவ்வளவுதான்: பாண்டியிலேருந்து பஸ்ல வர்றப்ப அவ போடுற மெசேஜ், அதுக்கு உன் பதில். இதுக்கு மேல "இனிய முதலாம் ஆண்டு" எதுவும் வேண்டாம், தேதியே அதைச் சொல்லிடுது. வீட்டுக்கு வர்றவங்க "என்ன இது கன்னியக்கோயில்?"னு கேப்பாங்க. நீங்க சொல்லுவீங்க. சுவத்துல தொங்குற படத்துக்கு அந்தக் கேள்விதான் வேணும்.

ஸ்டுடியோல சொல்ல வேண்டியதையும் இங்கயே எழுதிடுறேன். தாள் 12க்கு 18 அங்குலம். மேல 16 அங்குலம் படம், கீழ 2 அங்குலம் வெள்ளை, வாசகம் அந்த வெள்ளையில. போன்ல எடுத்த படம் 3க்கு 4 அளவு. அதை 12க்கு 18 முழுசுக்கும் நிரப்பச் சொன்னா ரெண்டு பக்கமும் வெட்டுவாங்க, ஹெல்மெட் புடிச்ச கை போயிடும். கடல் மேல எழுத்தைப் போடவும் விடாதே. அலை நுரை வெள்ளை, எழுத்தும் வெள்ளைன்னா ஒண்ணும் படிக்க வராது. ஓரத்துல கால் அங்குலம் சட்டத்துக்குள்ள மறையும், அதனால எழுத்து விளிம்பிலேருந்து அரை அங்குலமாவது உள்ள இருக்கணும். படத்தை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதே, சுருங்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பு.

ஒண்ணை மட்டும் மறக்காதே: அச்சடிக்கறதுக்கு முன்னாடி மாதிரி வாங்கி எழுத்தெழுத்தா பாரு. சில கம்ப்யூட்டர்ல தமிழை ஒட்டினா கொம்பும் காலும் இடம் மாறிடும். "கோயில்" அங்கதான் உடையும்: ரெட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். அப்படி வந்தா அவங்க ஃபாண்ட்ல மறுபடி டைப் பண்ணச் சொல்லு. கண்ணாடி போட்டா படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஓரத்துல அட்டை வெக்கச் சொல்லு. நம்ம ஊர் ஈரக் காத்துக்குப் படம் கண்ணாடியில ஒட்டிக்கும், அப்புறம் பிரிச்சா மையும் சேந்து வந்துடும்.

இன்ஸ்டாவுல நீ போட வேண்டியது

> போன வருஷம் ஆவணி 23, ஞாயித்துக்கிழமை, திருவந்திபுரம். மலைமேல வரிசையா கல்யாணம். எந்த மேளம் எந்த வீட்டோடதுன்னு யாருக்கும் தெரியல. பக்கத்துல கெட்டிமேளம் கொட்டுச்சு, நம்ம சித்தப்பா நமக்குன்னு நெனச்சு அட்சதையைத் தூவிட்டார். ஐயர் அப்பதான் தாலியைத் தட்டுல வெச்சு ஆசீர்வாதத்துக்கு அனுப்பிட்டு இருந்தார். நீ குனிஞ்ச தலை நிமிராம சிரிச்ச. பயம் போச்சு எனக்கு.
>
> மூணு மாசம் கூட முடியல, ஃபெஞ்சல் வந்துச்சு. நவம்பர் 30 ராத்திரி முழுக்கக் காத்து, அதுக்கப்புறம் பெண்ணையாத்துல வெள்ளம். கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. மொட்டை மாடித் தண்ணியைக் குடத்துல புடிச்சு, எது சமைக்க, எது பாத்திரத்துக்கு, எது குளிக்கன்னு உன் சிவப்பு நெயில் பாலிஷால குடத்து மேலயே எழுதின. "குளி"ன்னு எழுதின குடம் இன்னும் அப்படியே இருக்கு, அழிக்க மாட்டேன்.
>
> எனக்கு சிப்காட்ல ஷிஃப்ட், உனக்குக் காலையில 7.10 பாண்டி பஸ். பி ஷிஃப்ட் வாரத்துல நாம பேசினதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவுச் சீட்டுல. "மாவு புளிச்சிடுச்சு, தோசை மட்டும் ஊத்துங்க." "கேஸ் புக் பண்ணிட்டேன்." "தூங்குறப்ப இருமினீங்க, வெந்நி வெச்சிருக்கேன்." கடைசிச் சீட்டை மட்டும் பர்ஸ்ல வெச்சிருக்கேன்.
>
> ஏ ஷிஃப்ட் வாரம்தான் நம்ம வாரம். சாயங்காலம் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு பஸ் வர வர நான் கடிகாரத்தைப் பாத்துட்டு இருப்பேன். "கன்னியக்கோயில் தாண்டிட்டேன்"னு உன் மெசேஜ் வந்ததும் அடுப்பைப் பத்த வெப்பேன். இஞ்சியைத் தட்டிப் போட்டு, பாலை ஊத்தி, ரெண்டு கொதி விட்டு வடிகட்டுறதுக்குள்ள கேட் சத்தம் கேக்கும். ஆல்பேட்டையில வண்டி நின்னா மட்டும் டீ ஆறிடும், திரும்பச் சூடு பண்ணுவேன்.
>
> ரெண்டாவது வருஷத்துக்கு ஒரு வேண்டுகோள். நெத்திலியை நானே ஆயுறேன். பக்கத்துல நின்னு திட்டாதே, உக்காந்து பேசிட்டு இரு.

இன்ஸ்டாவுல 2200 எழுத்து வரைக்கும் இடம் கொடுப்பாங்க, இது முழுசும் போகும். ஆனா திறக்காம தெரியுறது முதல் ஒண்ணு ரெண்டு வரிதான். அதனாலதான் "அன்பு மனைவிக்கு"ன்னு தொடங்காம ஊரையும் நாளையும் முன்னாடி வெச்சேன். பத்திக்கு நடுவுல இதய பொம்மை போடாதே. நெயில் பாலிஷ் குடத்தோட படம் ரெண்டாவதா வரட்டும்.

அவ போட வேண்டியது

இதை அவ மாத்தணும்னு நெனச்சா தாராளமா மாத்தட்டும். நீ போட்டதுக்கு அரை மணி கழிச்சுப் போட்டா பதில் மாதிரி அமையும்.

> "மீன் வாங்கத் தெரியும்"னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னீங்க. கல்யாணம் ஆன முதல் ஞாயிறு முதுநகர் போய் வஞ்சிரம் வாங்கிட்டு வந்தீங்க. செவுள் பழுப்பு, கண்ணு உள்ள போயிருந்துச்சு, விரலால அழுத்தினா குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, சத்தமில்லாம போய் முட்டை வாங்கிட்டு வந்தீங்க. அன்னைக்குத்தான் இவர்கூட இருந்துடலாம்னு தோணுச்சு.
>
> பண்ருட்டியிலேருந்து அப்பா பலாப்பழம் கொண்டு வந்த அன்னைக்கு, கையிலயும் கத்தியிலயும் எண்ணெய் தடவாம அறுத்தீங்க. பால் ஒட்டி, கதவுக் கைப்பிடி, ரிமோட், என் சார்ஜர் எல்லாம் பிசுக்கு. ராத்திரி 11 மணிக்குத் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் வெச்சு ஒவ்வொண்ணா தொடச்சீங்க. நான் தூங்கிட்டேன்னு நெனச்சீங்க, தூங்கல.
>
> டீயில சக்கரை இப்பவும் அரை ஸ்பூன் அதிகம். மாத்த வேண்டாம், பழகிட்டேன்.

கடைசி வரியை அவ எடுக்கச் சொன்னாலும் எடுக்காதே. இந்தப் பதிவுலயே நல்ல வரி அதுதான்.

ஸ்டேட்டஸுக்கு

படத்து மேல எழுத்து அதிகமானா யாரும் படிக்கறதில்ல. ஒரு வரி போதும். உனக்கு:

> ஒரு வருஷம். ரெண்டு ஹெல்மெட். ஒரு டிபன் பாக்ஸ்ல ரெண்டு பேர் கைப்பக்குவம்.

அவளுக்கு:

> கெட்டிமேளத்துக்கு முன்னாடியே அட்சதை வாங்கின ஜோடி. ஒரு வருஷம் ஆச்சு.

அம்மா, அப்பா பேர்ல குடும்ப குரூப்ல

> எங்க பையனுக்கு ரசம் வைக்கத் தெரியும்னு எங்களுக்கே இந்த வருஷம்தான் தெரிஞ்சது. கத்துக் கொடுத்தது எங்க மருமக. ரெண்டு பேரும் இப்படியே ஒருத்தர் சமையலை ஒருத்தர் சாப்பிட்டு, உடம்பைப் பாத்துக்கிட்டு, நிம்மதியா இருங்க. ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுங்க, வடை சுடுறோம்.

பண்ருட்டி மாமா, அத்தை பேர்ல:

> பொண்ணைக் கொடுத்த வீட்டுலேருந்து பலாப்பழம் கேட்டு போன் வருதுன்னா அந்த வீடு எங்க வீடுன்னு அர்த்தம். மாப்பிள்ளைக்கு அடுத்த சீசன்ல அறுக்கச் சொல்லித் தர்றோம். எங்க ஆசீர்வாதம் என்னைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் உண்டு.

ரெண்டுலயும் "பதினாறும் பெற்று" இல்ல, "அடுத்த வருஷம் மூணு பேரா" இல்ல. முதல் வருஷ வாழ்த்துல அதை எழுதினா குரூப்ல பாக்குற பத்துப் பேர் அதே கேள்வியோட கிளம்புவாங்க, பதில் சொல்ல வேண்டியது அவ. யாராவது எழுதினா நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் அதுக்குப் பதில் போட வேண்டாம்.

ஆயாவுக்கு, படத்துக்குப் பின்னாடி

ஆயாகிட்ட போன் கிடையாது. 6க்கு 8ல ஒரு படம் போட்டு, பின்னாடி இதைப் பெரிய எழுத்துல கையால எழுது. ஜெல் பேனா வழவழப்புத் தாள்ல காயாம இழுவும், மார்க்கர் முன்பக்கம் ஊறும். ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிப் பின்னாடி ஒட்டு.

> ஆயா, நீ கொடுத்த அம்மிக்கல்லுலதான் வாரம் ஒரு நாள் சட்னி. மிக்ஸி சட்னியை நான் தொடறதில்ல. உன் பேரனும் பேத்தியும் நல்லா இருக்கோம். இந்தப் படம் பாண்டிக் கடற்கரையில எடுத்தது, பின்னாடி தெரியுறது காந்தி சிலை.

வாழ்த்து சொல்றவங்களுக்குப் பதில்

> ரொம்ப நன்றி. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. கன்னியக்கோயில் தாண்டினதும் மெசேஜ் போடுங்க, டீ தயாரா இருக்கும்.

விழுப்புரம் பக்கத்துலேருந்து வர்றவங்களுக்கு மட்டும் "நெல்லிக்குப்பம் தாண்டினதும்"னு மாத்திக்கோ. 8ஆம் தேதி திங்கட்கிழமை வருது, ரெண்டு பேருக்கும் வேலை நாள். அதனால ஸ்டுடியோவுக்கு ஒரு வாரம் முன்னாடியே கொடுத்துடு. மாதிரி வந்ததும் எனக்கும் அனுப்பு, ரெட்டைக் கொம்பை நானும் ஒருதரம் பாத்துடறேன்.

அக்கா