மச்சானுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

போனில் உங்கட குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவன். அதனால்தான் எழுதுறன்.

நீங்க என்னை விட்டிட்டுப் போகயில்ல. ரெண்டு பேரும் இருந்து பேசி எடுத்த முடிவு இது. ஊரில் ஆர் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவன், நீங்களும் இதையே சொல்லுங்க. காத்திருந்தவளை ஏமாத்திப் போட்டான் எண்டு உங்களைப் பற்றி ஒருத்தரும் கதை கட்ட நான் விடமாட்டன்.

நம்மட பக்கத்து வழக்கப்படி அம்மா எனக்கெண்டு வீட்டைக் கட்டி வைச்சா, நீங்க வந்து இருப்பீங்க எண்டு நம்பினா. உங்களுக்கோ சுவிஸில் அண்ணனோட சேர்ந்து எழும்பினாத்தான் தங்கச்சிமாருக்கு வழி. அம்மாவைத் தனிய விட்டிட்டு வர என்னால ஏலாது. இதில் ஆரைக் குறை சொல்லுறது? ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம் பார்ப்பம் எண்டு தள்ளினம். இனித் தள்ளினா ஒருத்தரை ஒருத்தர் வெறுக்கத் தொடங்கியிருப்பம். அதுக்கு முதலே நிப்பாட்டினது எனக்கு ஆறுதல்.

வந்தாறுமூலைக் கம்பஸில் தொடங்கினதில் இருந்து நினைக்க எவ்வளவோ இருக்கு. எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிசு, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். பகல் முழுக்க வேலை செய்துபோட்டு ராவில் அங்க வந்து வாங்கில் படுத்தீங்க. அப்பாவுக்கு முகம் வழிச்சுவிட்டதும் நீங்கதான். 31ஆம் நாள் அந்தியேட்டி அண்டு, பந்தலுக்குக் கிடுகு ஏத்தினதில் இருந்து கடைசிப் பானை கழுவினது வரைக்கும் மகனாட்டம் நிண்டீங்க. அப்ப நீங்க எங்களுக்கு ஆரும் இல்ல, தாலி கட்டயில்ல, எழுத்தும் எழுதயில்ல. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

இனிச் சில காரியங்கள். வங்கியில் சேர்த்த காசை முழுசா என்னை எடுக்கச் சொன்னீங்க. வேணாம், பாதிப் பாதி. வெள்ளிக்கிழமை வங்கிக்கு வாங்க, ரெண்டு பேரும் கையெழுத்து வைப்பம். உங்கட காப்புறுதியில என்ட பேர் இருக்கு, போறதுக்கு முதல் மாமியின்ட பேருக்கு மாத்துங்க. மாமி தந்த காப்பை நானே களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுபோய் அவவின்ட கையில குடுப்பன். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு அவவைக் கூட்டிப் போறது நான்தானே. அவ கேட்டா இந்த முறையும் கூட்டிப் போவன். அது உங்களுக்காக இல்ல, எனக்கு அவவில விருப்பம்.

போன பிறகு கொஞ்சக் காலம் எனக்குக் கோல் எடுக்காதீங்க. கோபத்தில் சொல்லயில்ல. கேட்டுக்கொண்டே இருந்தா நான் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பன். அங்க ஒருத்தி வந்தா என்ட கதையை மறைக்காம சொல்லுங்க, மறைக்கிற மாதிரி நாம ஒண்டும் செய்யயில்ல. குளிருக்கு உங்கட நெஞ்சு தாங்காது, மருந்தை விட்டிடாதீங்க.

ஸ்டேசனுக்கு நான் வரமாட்டன். ஆனா ரெயில் ஏற முதல் ஒருக்கா வீட்டுக்கு வந்து அம்மாட்டச் சொல்லிட்டுப் போங்க. உங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதெண்டு அவ இறால் கருவாடு காய வைச்சிருக்கா.

அன்புடன்,
சுமதி