இலையுதிர்வும் துளிர்ப்பும் மாரி மழையும்: வலிகாமத்திலும் மாங்குளத்திலும் 14 மாதப் பதிவு

மழை வந்தால் மரம் துளிர்க்கும், வெயில் ஏறினால் இலை கொட்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பதிவைத் தொடங்கினோம். 14 மாதக் குறிப்புப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. வலிகாமத்தில் நாங்கள் பார்த்த மரங்களில் கிளுவை மட்டுந்தான் மழைக்குக் காத்திருந்தது. வேம்பும் இலுப்பையும் கோடை தொடங்கும்போதே புது இலை போட்டுவிட்டன. இந்த இரண்டு வகையையும் ஒரே கணக்கில் போட்டு சராசரி எடுத்தால் வரும் திகதி எந்த மரத்துக்கும் பொருந்தாது. ஆகவே சராசரி எதுவும் இங்கே தரவில்லை.

இடமும் முறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் காடு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அதனால் வலிகாமத்தில் கோயில் வளவுகளிலும் வேலிகளிலும் நிற்கும் 31 மரங்களையும், ஆனையிறவுக்கு அப்பால் மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள உலர் காட்டில் 27 மரங்களையும் இலக்கத் தகடு கட்டிப் பார்த்தோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் முடியையும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டோம். 0 என்றால் மொட்டை, 4 என்றால் முக்கால் பங்குக்கு மேல் இலை. துளிர், முற்றிய இலை, பழுத்த இலை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பு. காட்டில் ஆறு இடங்களில் நுளம்புவலைத் துணியால் ஒரு சதுர மீற்றர் தட்டுகள் கட்டிச் சருகு சேர்த்தோம்.

தோட்டத்துக்கு இறைக்கும் நீர் எட்டும் தூரத்தில் நின்ற மரங்களை முதலிலேயே விட்டுவிட்டோம். மிளகாய்க்கு இறைத்த தண்ணீரில் பாதியை வேலியோர வேம்பு குடித்துவிடும்; அதன் நாட்காட்டி வேறு. அப்படியும் ஒரு பிசகு நடந்தது. தகடு கட்டிய கிளுவைகளில் நான்கை வளவுக்காரர் ஜூலையில் குழைக்கு வெட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வேலி அவருடையது. அந்த நான்கின் பதிவும் ஜூனோடு முடிகிறது.

மழையின் போக்கு

யாழ்ப்பாணத்தின் வருட மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு விழுகிறது. சித்திரையில் இடி மழை கொஞ்சம். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம். நாட்டின் தென்மேற்கை நனைத்துவிட்டு எங்களிடம் வரும்போது அது வறண்ட காற்று. இந்த ஒழுங்கை மனதில் வைத்துத்தான் கீழே வருவதைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் பெரும்பாலான உலர் காடுகளில் பகல் நீளும் காலத்தை அடுத்து மழை வந்துவிடும். இங்கே பகல் மிக நீண்ட ஜூன் மாதம் வறட்சியின் நடுவில் வருகிறது.

வேம்பும் இலுப்பையும்

பெப்ரவரி நடுவில் வேம்பு பழுக்கத் தொடங்கியது. மூன்றே கிழமையில், பதிவிலிருந்த 14 வேம்புகளில் 11 மதிப்பு 1க்கு இறங்கின. இதில் கவனிக்க வேண்டியது கிணறு. மாரி முடிந்து இரண்டு மாதந்தான். கோயில் கிணற்றில் நீர் நன்றாக மேலே நின்றது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக வேர் அந்த நீரைத் தொட்டிருக்கும். ஆகவே தாகத்தால் உதிர்த்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முற்றிய இலையின் வயதும் வாடை நின்ற பிறகு காய்ந்துபோன காற்றும் சேர்ந்த வேலையாகவே எனக்குப் படுகிறது.

மொட்டையாக நின்றது இரண்டு கிழமைதான். பங்குனி தொடக்கத்தில், ஒரு துளி மழையும் இல்லாமல், கிளை நுனிகளில் செம்பழுப்புத் துளிர். விரலால் பிடித்தால் ஈரத் தாள் போல மடியும். ஒரு கிழமையில் பச்சை ஏறி விறைத்துவிட்டது. இலை போனதும் ஆவியாகும் நீர் குறைகிறது, தண்டு மீண்டும் நீர் நிரம்புகிறது, மொட்டு உடைகிறது. பகல் நீள்வதும் ஒரு சாடையாக இருக்கலாம். எங்கள் அகலாங்கில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகியதற்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே கூட என்றாலும், உலர் காட்டு மரங்கள் அதைவிடச் சிறிய மாற்றத்தையும் உணரும்.

இதனால் மரத்துக்கு இரண்டு லாபம். சோளகம் எழும்ப முன் இலை முற்றிவிடுகிறது. மழைக்குப் பிறகு பெருகும் புழு பூச்சிக்கும் இளம் இலை தப்புகிறது. முதுமலைக் காட்டில் நடந்து 1993இல் வெளிவந்த ஆய்வும் மழைக்கு முன் துளிர்த்த மரங்கள் குறைவாகவே கடிபட்டன என்று கண்டது. அப்புறம், துளிரோடு பூவும் வந்துவிடும். வடகத்துக்கு வேப்பம்பூ பொறுக்க மரத்தடியில் சீலை விரிக்கிற வீட்டுக்காரருக்கு இந்தத் திகதி எங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்த முறை அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

இலுப்பை இதையே இரண்டு கிழமை பிந்திச் செய்தது.

கிளுவை

இதுதான் மழையை நம்பிய மரம். சித்திரையில் எங்கள் மழைமானியில் ஒரே மாலை 34 மில்லிமீற்றர் விழுந்தது. எட்டாம் நாள் வேலி முழுக்கச் சிறு பச்சை. அந்த இலை ஜூன் நடுவோடு கொட்டியது. பிறகு செப்ரெம்பரில் 6 மில்லிமீற்றர் தூறியது, ஒரு மொட்டும் அசையவில்லை. நிலத்தின் மேற்தோலை நனைத்துவிட்டுப் போகும் மழையை அது கணக்கில் எடுப்பதில்லை. ஒக்டோபர் கடைசிக் கிழமையில் இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது; ஆறாம் நாள் துளிர், மூன்றாம் கிழமை மதிப்பு 4. இலையில்லாத மாதங்களில் காகிதம்போல் உரியும் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை. தண்டில் வைத்த நீரில்தான் அது காலம் தள்ளுகிறது.

மாங்குளக் காடு

பாலை, வீரை, கருங்காலி மூன்றும் ஒருநாளும் மொட்டையாகவில்லை. ஆனாலும் ஓகஸ்ட்டில் தட்டுகளில் விழுந்த சருகு வருடத்திலேயே அதிகம். முடி மெலிந்து, கீழே நின்று பார்த்தால் வானம் தெரிந்தது. முதிரை மட்டும் ஓகஸ்ட் கடைசியில் ஏறக்குறைய வெறுமையானது. இவற்றின் பெரிய துளிர்ப்பு நவம்பரில், மழை தொடங்கி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. பாலை சித்திரை மழைக்கும் கொஞ்சம் துளிர்த்தது, ஆனால் நிழலில் நின்ற மரங்களில் அதைக் காணவில்லை.

டிசெம்பர் தொடக்கத்திலும் தட்டு நிறைந்திருந்தது. அதை இலையுதிர்வு என்று எழுதியிருந்தோம். பிறகு கொட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பச்சை இலை, காம்பு கிழிந்திருந்தது. பழுத்து உதிர்ந்த இலையின் காம்படி வழவழப்பாக, வெட்டியது போலிருக்கும். இது காற்று பிய்த்தது. அந்தப் பதிவை அடித்துவிட்டோம். முதல் வருட டிசெம்பரில் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே அந்த மாதச் சருகு நிறை இந்த அறிக்கையில் இல்லை.

அடுத்த சுற்றுக்கு

இரண்டு கிழமை இடைவெளி வேம்புக்கும் கிளுவைக்கும் போதாது. ஒரு வேம்பு நாங்கள் வராத இடைவெளியிலேயே கொட்டித் துளிர்த்தும் முடித்திருந்தது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்ரெம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரையும் கிழமைக்கு ஒருமுறை போக வேண்டும். மற்ற மாதங்களுக்கு மாதம் ஒருமுறை போதும். மாங்குளத்துக்கும் ஒரு மழைமானி தேவை. வலிகாமத்து அளவை வைத்து அங்கே நாள் எண்ண முடியாது. கிளுவைத் தகடுகளைக் கட்டுமுன் வளவுக்காரரிடம் குழை வெட்டும் மாதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.