அத்தை, மாமா, இத பொறுமையா படிங்க

அத்தை, மாமா, நேர்ல சொல்ல வந்தா எனக்கு தொண்ட அடைச்சிடும்னு தெரியும், அதான் வாட்ஸ்அப்ல டைப் பண்றேன். அரவிந்த் படிச்சுட்டுதான் அனுப்ப சொன்னாரு, அதனால இத ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றதாவே எடுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு. பிள்ளை பெத்துட்டு வந்தப்போ அந்த நாப்பது நாளும் நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ அத்தை. விடிகாலையில டேக்கா மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிப் போய் பால் சுறா வாங்கிட்டு வந்து புட்டு செஞ்சு குடுத்தீங்க, மாமா உங்க பழைய நூல் சேலையில தொட்டில் கட்டி ஸ்பிரிங்க நாலு தடவ இழுத்து இழுத்து பார்த்தாரு. யாழினி இன்னிக்கும் அந்த தொட்டில்லதான் தூங்குறா, அறுநூறு வெள்ளி குடுத்து வாங்குன காட் துணி மடிச்சு வைக்கத்தான் ஆகுது.

ஆனா போன ஞாயித்துக்கிழம நான் குளிச்சுட்டு வெளிய வந்தப்போ உங்க விரல் நுனியில தேன் இருந்துச்சு, பிள்ளை வாய தொறந்துகிட்டு இருந்தா. நான் ஓடி வந்து பிடுங்குன மாதிரி வாங்கிட்டேன், அந்த வேகத்துக்கு என்னை மன்னிச்சுடுங்க. தேன் வேணாம்னு சொன்னதுக்கு மட்டும் மன்னிப்பு கேக்க முடியாது அத்தை. ஒரு வயசுக்குள்ள தேன் ஆகவே ஆகாது, அதுல இருக்குற கிருமி வித்து சின்ன பிள்ளை குடல்ல வளர்ந்து விஷமாகிடும், காய்ச்சி குடுத்தாலும் அது சாகாது. அரவிந்துக்கும் அண்ணிக்கும் சேனை வச்சீங்க, ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்க, நம்புறேன். அப்ப நம்ம வீட்ல யாருக்கும் இது தெரியாது, தெரிஞ்சிருந்தா நீங்களே வச்சிருக்க மாட்டீங்க.

போன் விஷயமும் அப்படித்தான் மாமா. பதினெட்டு மாசம் வரைக்கும் ஸ்கிரீனே வேணாம், வீடியோ கால் மட்டும் ஓகேன்னு 2025 ஜனவரியில சுகாதார அமைச்சு சொல்லிடுச்சு. அதனால ஈப்போ பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டுங்க, பாட்டு வீடியோ மட்டும் வேணாம். நீங்க பாடுற பாட்டுக்கே அவ காலை உதைக்கிறா, சுருதி கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும்.

இத எல்லாம் விட மனசுல முள்ளா நிக்கிறது வேற. வளைகாப்புக்கு போனப்போ எல்லார் முன்னாடியும் "பிள்ளை இளைச்சிருக்கே, பால் பத்தலையோ"ன்னு கேட்டீங்க. அக்கறையிலதான் கேட்டீங்க, தெரியும். ஆனா நான் டாய்லெட்ல பைப்ப தொறந்து விட்டுட்டு அழுதேன் அத்தை. அதுக்கு முந்தின வாரம்தான் பாலிகிளினிக்ல ஊசி போட போனப்போ 6.1 கிலோ, நல்லா ஏறுதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க, அந்த புத்தகத்த பையிலயே வச்சிருந்தேன், எடுத்து காட்ட தோணல.

இன்ஃபண்ட் கேர் பத்தியும் சொல்லிடறேன். 16 வாரம் லீவும் முடிஞ்சு ஆன்னுவல் லீவும் தீர்ந்துடுச்சு, அடுத்த மாசம் நான் வேலைக்கு போகணும். சொந்த தாத்தா பாட்டி இருக்கும்போது காசு குடுத்து யார்கிட்டயோ விடணுமான்னு மாமா கேட்டது நியாயம்தான். நாங்க ரெண்டு பேரும் ராத்திரி ராத்திரியா பேசித்தான் முடிவு பண்ணோம், திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நம்ம புளோக் கீழ இருக்குற சென்டர், வெள்ளிக்கிழம முழுக்க உங்ககிட்ட. உங்கமேல நம்பிக்கை இல்லாம இல்ல. உங்க முட்டி வலிய பார்த்துகிட்டே அஞ்சு நாளும் பிள்ளைய தூக்க வைக்க எங்களுக்கு மனசு வரல.

நான் கேக்குறது இவ்ளோதான். என்ன குடுக்கலாம், எங்க விடலாம், எப்போ மொட்ட போடலாம், இத எல்லாம் கடைசியா முடிவு பண்றது நானும் அரவிந்தும்னு விட்டுடுங்க. உங்களுக்கு தப்பா பட்டா எங்ககிட்ட தனியா சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல, கேட்டுக்குவோம். சில சமயம் நீங்க சொன்னபடியே செய்வோம், சில சமயம் செய்ய மாட்டோம், அப்ப கோவிச்சுக்காதீங்க. நாங்களும் சிலதுல தப்பு பண்ணத்தான் போறோம், அப்ப உங்க வீட்டு கதவைத்தான் வந்து தட்டுவோம்.

அவளுக்கு ஆறு மாசம் ஆனதும் முதல் கஞ்சி உங்க கையாலதான் அத்தை, இத நான் பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடியே நெனச்சு வச்சிட்டேன். ராகியா அரிசியான்னு மட்டும் நாம உக்காந்து பேசிக்கலாம். 😊

சனிக்கிழம சாயந்தரம் வீட்டுக்கு வாங்க. இதுக்கு பதில் டைப் பண்ணணும்னு இல்ல, வந்து பிள்ளைய தூக்குங்க போதும். மாமா, தொட்டில் ஸ்பிரிங் லேசா கிறீச்சுன்னு சத்தம் போடுது, எண்ணெய் எடுத்துட்டு வாங்க.