உறைக்கு ஒரு கரண்டி

புரட்டாதி முடியப்போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் வயல் விதைப்புத் தொடங்கினால் மாடுகளை மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நினைத்த நேரம் எருமைப் பால் கிடைக்காது. அதனால் இரண்டு போத்தல் பால் வந்ததும் அம்மம்மா பேத்தியைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு நீ உறை போடு. பழைய தயிர்ச் சட்டியை எடு."

துளசி அசையவில்லை. பாணி ஊற்றி, சட்டியின் அடிவரைக்கும் வழித்துத் தின்றது அவள்தான்.

"உறைக்கும் மிச்சம் வைக்கல்லையா? சரி, பக்கத்து வீட்டு மாமியிட்டக் கேளு. விளக்கு வைக்கிறதுக்கு முன்ன போ, பொறகு தரமாட்டா."

மாமி சிரட்டையில் தந்தார். அளவைப் பார்த்தால் மூக்குத்தூள்தான்.

"இது காணுமா அம்மம்மா?"

"கூடப் போட்டாத்தான் பிழை. புளிச்சுப்போகும், தண்ணியும் விடும்."

பால் பொங்கி வந்தது. இறக்கப்போனவளை அம்மம்மா தடுத்தார். நெருப்பைக் குறைத்து, பால் அடியில் பிடிக்காமல் துழாவிக்கொண்டே வற்றவிடச் சொன்னார். பால் வற்ற வற்றத்தான் தயிர் வெட்டி எடுக்கிற மாதிரி வருமாம். துளசிக்குக் கை கடுத்தது. துழாவுவது நின்றபோதெல்லாம் அம்மம்மா தொண்டையைச் செருமினார்.

இறக்கி வைத்த பிறகு காத்திருப்பதுதான் பெரிய வேலை. துளசி இரண்டு தரம் சிரட்டையைத் தூக்கினாள்.

"சூட்டோட போட்டா உறை செத்துப்போகும், பால் பாலாவே கிடக்கும். நல்லா ஆறிப்போனாலும் உறையாது. விரலை விட்டுப் பாரு."

"எவ்வளவு நேரம் விடணும்?"

"பத்து எண்ணு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள இழுத்தா இன்னும் சூடு."

ஏழில் இழுத்தாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் விட்டாள். பத்து தாண்டியது, விரல் இதமாக இருந்தது.

தயிரைக் கொஞ்சப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்சப் பாலோடு ஒருதரம் கலக்கி, காலையிலிருந்து வெயிலில் காய்ந்த புதுச் சட்டியில் வார்த்தாள். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைக்கும் தயிருக்கு அந்த இறுக்கம் வராது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. வாய்க்குத் துணி கட்டி, அடுப்படி மூலையில் வைத்தார்கள்.

"இனி விடியும் வரைக்கும் தொடாத. உறையுற நேரம் அசைஞ்சா உடைஞ்சுபோகும்."

இரவு தண்ணீர் குடிக்கப் போகிற சாட்டில் துளசி இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். தொடவில்லை.

விடிந்ததும் அம்மம்மா துணியை அவிழ்த்துச் சட்டியைச் சாய்த்தார். மேலே மஞ்சள் கலந்த ஆடை, தயிர் அசையவே இல்லை. துளசி பாணிப் போத்தலோடு வந்து நின்றாள்.

"முதல்ல உறைக்கு எடு. மாமிக்கும் ஒரு கிண்ணம்."

"மாமி சிரட்டையிலதானே தந்தா?"

"அதனாலதான் கிண்ணம். ஓடு, தம்பி எழும்பப்போறான்."