பயிற்சித் தாள் 7: விகிதத்தில் பங்கிடுதல் – பாகங்களும் பட்டையும்

ஆறாம் வகுப்பு, கணிதம்
தேவை: கட்டம் போட்ட நோட்டு, அளவுகோல், பென்சில். பேனா வேண்டாம், பட்டையை ஒருமுறையாவது அழித்து வரைய வேண்டியிருக்கும்.

கணக்கு 1: நுங்கு விற்ற காசு

கோடை விடுமுறையில் அக்காவும் தம்பியும் சாலையோரம் நுங்கு விற்றார்கள். செலவு போக ரூ.600 மிஞ்சியது. அக்கா மூன்று நாள் உட்கார்ந்தாள், தம்பி இரண்டு நாள்தான் வந்தான். அதனால் அக்கா : தம்பி = 3 : 2 என்று பிரித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். ஆளுக்கு எவ்வளவு?

முதலில் பட்டை. அக்காவுக்கு 3 கட்டம், தம்பிக்கு 2 கட்டம். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

[ அ ][ அ ][ அ ][ த ][ த ] = ரூ.600

மொத்தம் 5 பாகங்கள். ஒரு பாகத்தை 2 செ.மீ. என்று வைத்தால் பட்டை 10 செ.மீ. வரும். பட்டையின் நீளத்துக்கும் ரூபாய்க்கும் சம்பந்தமில்லை, ரூ.6,00,000 என்றாலும் இதே 10 செ.மீ. போதும். கட்டங்கள் சமமாக இருந்தால் சரி.

5 பாகம் = ரூ.600
1 பாகம் = 600 ÷ 5 = ரூ.120
அக்கா: 3 × 120 = ரூ.360
தம்பி: 2 × 120 = ரூ.240
சரிபார்ப்பு: 360 + 240 = 600 ✓

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் 600-ஐ 3-ஆல் வகுத்து அக்காவுக்கு 200, 2-ஆல் வகுத்துத் தம்பிக்கு 300 என்று எழுதிவிடுவார். கூட்டிப் பாருங்கள்: 500. நூறு ரூபாயைக் காணோம். அதோடு, அதிக நாள் உழைத்த அக்காவுக்குக் குறைவாகப் போய்விட்டது. விகிதத்தில் உள்ள 3 என்பது அக்காவின் கட்டங்களின் எண்ணிக்கை. வகுக்க வேண்டியது மொத்தக் கட்டங்களால்.

கணக்கு 2: போட்ட முதலுக்கு ஏற்ற இலாபம்

இரண்டு நண்பர்கள் சேர்ந்து இளநீர்க் கடை போட்டார்கள். ஒருவர் ரூ.12,000, மற்றவர் ரூ.20,000 முதல் போட்டார். முதல் மாத இலாபம் ரூ.4,800. போட்ட முதலின் விகிதத்தில் பிரிக்கவும்.

பன்னிரண்டாயிரம் கட்டம் வரைய யாராலும் முடியாது. எனவே சுருக்குகிறோம். இரண்டையும் 4,000-ஆல் வகுத்தால் 3 : 5.

[ 1 ][ 1 ][ 1 ][ 2 ][ 2 ][ 2 ][ 2 ][ 2 ] = ரூ.4,800

8 பாகம் = 4,800; 1 பாகம் = 600. முதல் நண்பருக்கு ரூ.1,800, இரண்டாமவருக்கு ரூ.3,000. கூட்டினால் 4,800 ✓

கணக்கு 3: படகுக்கும் பங்கு உண்டு

கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மீன் விற்ற பணத்தில் ஆட்களுக்கு மட்டுமல்ல, படகுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்குவார்கள். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். நம் கணக்கில் படகு : வலை : ஆட்கள் = 2 : 1 : 3 என்று வைத்துக்கொள்வோம். மீன் விற்றது ரூ.9,400. டீசலுக்கும் ஐஸுக்கும் ரூ.2,200.

இங்கே அவசரப்பட்டு 9,400-க்குப் பட்டை வரைந்தால் எல்லாம் தப்பும். செலவைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் பங்குக்கு வரும்: 9,400 – 2,200 = 7,200.

[ ப ][ ப ][ வ ][ ஆ ][ ஆ ][ ஆ ] = ரூ.7,200

1 பாகம் = 7,200 ÷ 6 = 1,200. படகுக்கு ரூ.2,400, வலைக்கு ரூ.1,200, ஆட்களுக்கு ரூ.3,600. போனவர்கள் மூன்று பேர் என்றால் தலைக்கு ரூ.1,200. படகும் வலையும் ஒருவருடையதாகவே இருந்து, அவரும் கடலுக்குப் போயிருந்தால் அவர் கைக்கு எவ்வளவு வரும்? பட்டையிலேயே விரல் வைத்து எண்ணலாம்: 4 பாகம், ரூ.4,800.

கணக்கு 4: மொத்தம் தெரியாதபோது

அண்ணன் : தங்கை = 5 : 3. தங்கைக்கு ரூ.240 கிடைத்தது. மொத்தம் எவ்வளவு?

[ அ ][ அ ][ அ ][ அ ][ அ ][ த ][ த ][ த ]

240-ஐ எங்கே எழுதுவீர்கள்? பட்டை முழுவதற்குமா, தங்கையின் மூன்று கட்டங்களுக்கு மட்டுமா? தங்கையின் கட்டங்களுக்கு மேல்தான். அப்படியானால் 3 பாகம் = 240, 1 பாகம் = 80, மொத்தம் 8 × 80 = ரூ.640.

இதையே "அண்ணனுக்குத் தங்கையைவிட ரூ.90 அதிகம்" என்று கேட்டிருந்தால், 90 என்பது அதிகப்படியான 2 கட்டங்களுக்கு உரியது. 1 பாகம் = 45. அண்ணன் ரூ.225, தங்கை ரூ.135. எண்ணை எந்தக் கட்டத்தின் மேல் எழுதுகிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. மிச்சம் வெறும் வகுத்தல்.

மீதி வந்தால்?

ரூ.100-ஐ 1 : 2 என்று பிரித்தால் 1 பாகம் 33.33… என்று போய்க்கொண்டே இருக்கும். விடைத்தாளில் 33⅓, 66⅔ என்று எழுதுங்கள். கையில் காசாகப் பிரிக்கும்போது 33, 67 என்று முடிப்பதே நடைமுறை. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். பெட்டிக்கடையில் நீட்டிப் பார்த்தால் கடைக்காரர் முகம் வேறு மாதிரி சொல்லும்.

நீங்கள் செய்யுங்கள் (ஒவ்வொன்றுக்கும் பட்டை கட்டாயம்)

1. ரூ.450-ஐ 4 : 5 என்ற விகிதத்தில் பிரிக்கவும்.
2. மாலா : கவிதா = 2 : 7. தொகை ரூ.1,080. கவிதாவின் பங்கை முதலில் எழுதவும்.
3. அம்மா 1 மணி 30 நிமிடமும் பாட்டி 2 மணி நேரமும் பூக் கட்டினார்கள். கூலி ரூ.700. நேரத்தின் விகிதத்தில் பிரிக்கவும். (நிமிடமாக மாற்றிய பிறகே விகிதம்.)
4. மூன்று வீட்டார் சேர்ந்து ரூ.1,500-க்குத் தண்ணீர் லாரி வரவழைத்தனர். வீடுகளில் முறையே 2, 3, 5 பேர். ஆள் கணக்கில் ஒவ்வொரு வீடும் எவ்வளவு தர வேண்டும்?
5. ஒரு மாணவன் ரூ.350-ஐ 3 : 4 என்று பிரிக்க, "350 ÷ 7 = 50. எனவே ஆளுக்கு ரூ.50" என்று எழுதினான். எங்கே நிறுத்திவிட்டான்?
6. தாத்தா தீபாவளிப் பணத்தைப் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் 9 : 7 என்று கொடுத்தார். பெரியவனுக்கு ரூ.50 கூடுதல். தாத்தா கொடுத்தது மொத்தம் எவ்வளவு?
7. அண்ணனிடமும் தம்பியிடமும் சேர்த்து ரூ.480 இருக்கிறது; விகிதம் 5 : 1. இருவருக்கும் சமமாக வர அண்ணன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? முதலில் ரூபாயை மறந்துவிட்டு, எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று மட்டும் பாருங்கள்.

விடைகள் (இந்தப் பகுதியை மடித்து வைத்துவிட்டுத் தொடங்கவும்)

1. ரூ.200, ரூ.250
2. கவிதா ரூ.840, மாலா ரூ.240
3. 90 : 120 = 3 : 4; அம்மா ரூ.300, பாட்டி ரூ.400
4. ரூ.300, ரூ.450, ரூ.750
5. 50 என்பது ஒரு பாகத்தின் மதிப்பு. பாகங்களால் பெருக்க மறந்துவிட்டான்: ரூ.150, ரூ.200
6. 2 பாகம் = 50; மொத்தம் 16 × 25 = ரூ.400
7. 2 கட்டம், அதாவது ரூ.160. தம்பியிடம் இருந்தது ஒரே ஒரு கட்டம். "4 கட்டம் கொடுக்க வேண்டும்" என்று எழுதியவர்கள் கட்டங்களைக் காகிதத்தில் வெட்டி, நகர்த்திப் பார்க்கவும்.