வெளிநாடு கிளம்பும் முன்: ஜெராக்ஸும் போன் ஸ்கேனும்

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம் பக்கமிருந்து ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை வந்து இறங்கியவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், கண் சொருகும், அதனால் ஒரே விஷயத்தைத்தான் பேசப் போகிறேன். உங்கள் பையில் இருக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஜெராக்ஸ், போனில் ஒரு ஸ்கேன், வீட்டில் ஒரு ஆளிடம் ஒரு காப்பி. இந்த மூன்றும் இல்லாமல் மீனம்பாக்கத்துக்குக் கிளம்பாதீர்கள்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், வளைகுடா நாட்டில் வேலைக்குப் போய் இறங்கியதும் பல இடங்களில் கம்பெனி ஆள் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை. "ஐடி கார்டு போட வேண்டும், கொடு" என்பார்கள். போட்ட பிறகு திருப்பித் தர வேண்டும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது சவூதி, எமிரேட்ஸ், கத்தார் எல்லா இடத்திலும் சட்டப்படி தப்பு, அதோடு அது இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று உங்கள் பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் பிடித்து வைக்கிறவர்கள் வைக்கத்தான் செய்கிறார்கள். நாளைக்குத் தகராறு என்று வந்து நீங்கள் இந்தியத் தூதரகத்துக்குப் போய் நின்றால் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நம்பர். காப்பி கையில் இருந்தால் ஊர் திரும்புவதற்கான எமர்ஜென்சி சர்டிபிகேட், நம் ஆட்கள் அவுட்பாஸ் என்பார்களே, அதற்கு அன்றைக்கே மனு போடலாம். காப்பியும் இல்லை, நம்பரும் ஞாபகம் இல்லை என்றால் நீங்கள் யார் என்று நிரூபிப்பதிலேயே நாள் போய்விடும்.

பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிற பக்கத்தை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள், கடைசிப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அப்பா, அம்மா, மனைவி பெயரும் வீட்டு முகவரியும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் எடுங்கள். அந்த நாட்டுக்குள் நுழைந்ததும் சீல் அடித்தால், அந்தப் பக்கத்தையும் ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வருவதற்குள் எடுத்துவிடுங்கள், அப்புறம் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஒப்பந்தம். நான் மிகவும் அக்கறையோடு சொல்வது இதைத்தான். இங்கே கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு சம்பளம் இருக்கும், அங்கே போனதும் அரபியில் இன்னொரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடு, சும்மா ஃபார்மாலிட்டி" என்பார்கள், அதில் சம்பளம் குறைந்திருக்கும், வேலையும் வேறாக இருக்கும். ரியாத் பக்கம் பெயிண்டர் வேலைக்குப் போன ஒரு தம்பிக்கு இப்படித்தான் நடந்தது. இங்கே போட்டது பெயிண்டர் என்று, அங்கே மூட்டை தூக்கச் சொன்னார்கள். அவன் கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும், கையெழுத்தும் கம்பெனி சீலும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அந்தப் பக்கங்களை வைத்துத்தான் அவனால் புகார் கொடுக்க முடிந்தது. புகார் என்றால் வெளியுறவுத் துறையின் 'மதத்' என்கிற இணையதளம் இருக்கிறது, உங்களுக்காக வீட்டிலிருந்தும் பதியலாம், அதில் காகிதங்களை ஏற்றத்தான் கேட்பார்கள். அங்கே நீட்டுகிற தாளையும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். எடுக்க விடவில்லை என்றால் அன்றைக்கு ராத்திரியே தேதியோடு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

குடியகல்வு அனுமதி தேவைப்படுகிற ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா இன்ஷூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, அதோடு வரி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்தத் தாள் உங்களுக்கு வேண்டியதை விட வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டும். பாலிசி என்று ஒன்று இருப்பதே தெரியாத குடும்பம் எதை வைத்துக் கேட்கும்? நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், ஒரு காப்பியை அந்த நாமினி கையிலேயே கொடுங்கள்.

விசா, குடியகல்வு அனுமதி, மெடிக்கல் ரிப்போர்ட், படிப்புச் சான்றிதழ், டிக்கெட், இதெல்லாம் நீங்களே எடுத்துவிடுவீர்கள். மறப்பது ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் ரசீதை. ரசீது தரவில்லை என்றால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட், பேங்க் ஸ்டேட்மென்ட், ஏஜென்டின் லைசென்ஸ் நம்பர் இருக்கிற போர்டின் போட்டோ, எது கிடைத்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கிற கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் வாங்கியிருந்தால் ரசீது கிடைப்பது கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, ஸ்கேன் எடுப்பது எப்படி? படுக்கையில் போட்டு மேலே நின்று ஃப்ளாஷ் அடித்து எடுக்காதீர்கள், பாஸ்போர்ட் பளபளப்பில் நம்பர் மேலேயே வெள்ளையாக விழுந்துவிடும். பகலில் ஜன்னல் பக்கம், கருப்பாக எதையாவது கீழே விரித்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுங்கள், விரல் எழுத்தை மறைக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, பிடிஎஃப் ஆகச் சேமிக்கும். எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள், கடைசி எழுத்து வரை படிக்க முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட் என்பதைத் தொட்டு அனுப்புங்கள்.

போனில் மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள். போன் சைட்டில் விழும், தொலையும், பிடுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. ஜிமெயிலில் இருக்கிறது என்பீர்கள். புதுப் போனில் ஜிமெயிலைத் திறக்கப் போனால் ஓடிபி நம் ஊர் நம்பருக்குத்தான் வரும், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் அதற்குள் செத்திருக்கும். அதனால் அந்த நம்பரை வீட்டில் யாராவது உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

ஜெராக்ஸ் இரண்டு செட் போதும். ஒன்று கைப்பையில், ஒன்று பெரிய பெட்டியில், பாஸ்போர்ட் இருக்கிற கவரில் வேண்டாம், தொலைந்தால் சேர்ந்தே தொலையும். ஜெராக்ஸ் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் அனுப்பி பிரின்ட் எடுத்தால், கிளம்பும் முன் அவர் கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். விசா வந்த சந்தோஷத்தில் அதை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கிவிட்டுப் போவார்கள்.

போன பிறகும் இது நிற்காது. இக்காமா அல்லது அந்த ஊர் ஐடி கார்டு இரண்டு பக்கமும், சம்பளச் சீட்டு மாதா மாதம், சீட்டு தராத கம்பெனி என்றால் பேங்க் மெசேஜ், ஓவர்டைம் எழுதுகிற தாள் அன்றன்றைக்கு. ஆறு மாதச் சம்பளம் பாக்கி என்று லேபர் கோர்ட்டில் நிற்கும்போது வாயால் சொல்வது பத்தாது.

பக்கத்துக் கட்டடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "என் பாஸ்போர்ட் காப்பியை அனுப்பு" என்று கேளுங்கள். வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது, நம்பர் படிக்கத் தெரிகிறதா என்று நான் ஒவ்வொரு போனாகப் பார்க்கிறேன். வராதவர்கள் என்னோடு இருங்கள், சேர்ந்து எடுத்து அனுப்பிவிட்டே போகலாம்.