ஜூலை 2026: ஆற்காடு இனிப்புக் கடைக்கான சமூக ஊடகப் பதிவு அட்டவணை

சித்தப்பா, இதைக் கல்லாப் பக்கம் ஒட்டிவையுங்கள். 16ஆம் தேதி வரை ஆனி, கல்யாண ஆர்டர் ஓடும். 17 முதல் ஆடி, பெரிய ஆர்டர் நின்றுவிடும். அதனால் முதல் பாதியில் கல்யாண வேலையைக் காட்டுகிறோம். ஆடியில் அரைக் கிலோ பெட்டியையும் ஆவணி முன்பதிவையும் பிடிக்கிறோம்.

1, புதன்: ரீல். மாஸ்டர் மக்கன் பேடாவைப் பாகிலிருந்து எடுத்து இரண்டாக வெட்டுவது மட்டும். உள்ளே முந்திரியும் சாரைப்பருப்பும் தெரியவேண்டும். பாட்டு வேண்டாம், கரண்டிச் சத்தமே போதும். போனைச் செங்குத்தாகப் பிடிக்கவும். டியூப் லைட்டில் பாகு வெளுத்துத் தெரிகிறது, காலை வெயிலில் வாசல் பக்கம் வைத்து எடுக்கவும்.
வாசகம்: "வெட்டினால்தான் தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்று. அரைக் கிலோ 240 ரூபாய்."

விலையைக் கட்டாயம் போடவும். போன மாதம் போடாமல் விட்டு, "எவ்வளவு?" என்று கேட்ட பதினோரு பேருக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னேன். ஒருவர்கூட வாங்கவில்லை.

4, சனி: கல்யாணப் பெட்டி அடுக்கும் படங்கள் நான்கு. பெட்டியில் மணமக்கள் பெயர் இருந்தால் மறைக்கவும்.

7, செவ்வாய்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வேலூர் டெலிவரி நேரம். ஒரு நாளில் மறைந்துவிடும், 8ஆம் தேதியும் போடவும்.

10, வெள்ளி: 1806 வேலூர்ப் புரட்சி நாள். மக்கான் சந்திப்பு நினைவுத்தூண் படம், ஒரு வரி வணக்கம். அன்று பேடா, விலை, சலுகை எதுவும் கூடாது.

12, ஞாயிறு: இந்த மாதத்தின் முக்கியப் பதிவு.
வாசகம்: "மாப்பிள்ளைக்குத் தலை ஆடி விருந்தா? இலையில் இனிப்பு எங்கள் பொறுப்பு. 15ஆம் தேதி இரவுக்குள் சொல்லிவிடுங்கள்."
இதையே வாட்ஸ்அப் பிராட்காஸ்டிலும் அனுப்பவும். நம் நம்பரைச் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் இன்று முதலே பில் போடும்போது, "நம்பரைச் சேவ் பண்ணிக்கங்க" என்று தம்பி சொல்லட்டும்.

14, செவ்வாய்: 12இன் நினைவூட்டல், ஸ்டோரி மட்டும்.

17, வெள்ளி: ஆடி முதல் நாளே வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் அதைப் படமெடுத்துப் போடலாம். விற்பனைப் பேச்சு வேண்டாம், நம் தெரு என்று தெரிந்தால் சரி.

21, செவ்வாய்: மாஸ்டரிடம் ஒரே கேள்வி: பேடா எத்தனை நாள் தாங்கும்? அவர் பேச்சிலேயே விடவும், திருத்தவேண்டாம்.

24, வெள்ளி: 1ஆம் தேதி ரீலுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில்.

26, ஞாயிறு: அரைக் கிலோ பெட்டி, கையில் பிடித்த படம்.

29, புதன்: "ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே தேதி குறித்துக்கொள்கிறோம்." முன்பணம் எவ்வளவென்று 25க்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

மற்ற நாட்களில் எதுவும் போடவேண்டாம். கூட்டமான நேரத்தில் தம்பி போனைத் தூக்கினால் திட்டுங்கள். 31 மாலை நான் கடைக்கு வருகிறேன், எந்தப் பதிவைப் பார்த்து யார் வாங்கினார்கள் என்று பில் நோட்டில் குறித்துவையுங்கள்.